மூன்றில் ஒரு பங்கு: ஒரு மறுப்பு

ஒரு வாசகத்தைச் சுருக்கி வரைவது என்றால் அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைப்பதுதான் என்னும் அபிப்பிராயம், பள்ளிக்கூடத்து மொழிப் பாடத்திலே தொடங்கிப் பெரிய உத்தியோகங்களுக்கான பரீட்சைகள் வரையில் கேள்வி கேட்பாரின்றி ஆட்சி செலுத்தி வருகிறது. மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணி முதன்மைத் தேர்வில்கூட, இந்திய மொழித் தாளாயினும் ஆங்கிலத் தாளாயினும், கொடுத்த பத்தியை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருக்குமாறுதான் கேட்கிறார்கள். பரீட்சை மண்டபத்தோடு இது நின்றுவிட்டால் பாதகமில்லை. ஆனால் அங்கே பழகிய மாணவர் பின்னர் குமாஸ்தாவாகவும், உதவியாசிரியராகவும், வக்கீலாகவும் ஆகி, கடிதமோ தீர்ப்போ மருந்துக் குறிப்போ எது கையில் வந்தாலும் மூன்றால் வகுத்துப் பார்த்துவிட்டே பேனாவை எடுக்கிறார் என்பதனால்தான் இந்த அபிப்பிராயத்தை மறுத்தெழுதுவது அவசியமாகிறது.

நான் சொல்லப் புகுவது இதுதான்: சுருக்க விகிதம் என்பது நல்ல சுருக்கத்தை எழுதி முடித்த பிறகு கணக்கிட்டு அறிய வேண்டிய ஒரு விளைவேயன்றி, எழுதத் தொடங்குமுன் விதித்துக்கொள்ள வேண்டிய இலக்கு அன்று, அந்த விளைவு ஒவ்வொரு வகை வாசகத்துக்கும் வேறாக அமைவதே இயற்கை, அதை எல்லா வாசகத்துக்கும் ஒன்றாக்குவது ஒரு சாராருக்குப் பயனற்ற சொற்களையும் மற்றொரு சாராருக்கு அபாயகரமான மௌனத்தையும் தருவதாகவே முடியும்.

முதலில் கணக்கைத் தெளிவாக்கிக்கொள்வோம். சுருக்கத்தின் அளவை மூலத்தின் அளவால் வகுத்தால் கிடைப்பது சுருக்க விகிதம். மூலம் 300 சொற்கள், சுருக்கம் 75 சொற்கள் என்றால் விகிதம் 0.25, அதாவது 25 விழுக்காடு. இதே கணக்கைத் தலைகீழாக வைத்து, மூலத்தைச் சுருக்கத்தால் வகுத்து, ‘நாலுக்கு ஒன்று’ என்று சொல்வாரும் உண்டு. மூலத்தில் 75 விழுக்காடு போய்விட்டது என்று குறைந்த பங்கைச் சொல்வாரும் உண்டு. மூன்றும் ஒரே உண்மையைத்தான் சொல்கின்றன. ஆயினும் ‘இதை முப்பது விழுக்காடு சுருக்கிக் கொடுங்கள்’ என்று ஒருவர் கேட்கும்போது, முப்பது விழுக்காடு எஞ்ச வேண்டும் என்கிறாரா, முப்பது விழுக்காடு போக வேண்டும் என்கிறாரா என்று தெரிந்துகொள்ளாமல் வேலையைத் தொடங்கினால், 300 சொல்லுக்கு 90 எழுதுவதா 210 எழுதுவதா என்னும் பெரிய வித்தியாசம் நடுவிலே கிடக்கிறது. இக்கட்டுரையில் நான் விகிதம் என்று சொல்லும் இடமெல்லாம் எஞ்சிய பங்கையே குறிக்கிறேன்.

இனி, ஒரே அளவுள்ள இரண்டு பத்திகளை எடுத்துக்கொண்டு பரீட்சித்துப் பார்ப்போம். முதலாவது, ஊர்ப் பொதுக்கூட்டத்தில் ஒருவர் பேசக்கூடிய பிரசங்கத்தின் ஒரு பகுதி:

“நம் ஊர்க் குளத்தைத் தூர்வார வேண்டும். குளம் தூர்ந்து கிடந்தால் மழைநீர் தங்காது. மழைநீர் தங்காவிட்டால் கிணறுகளில் நீர் ஊறாது. கிணறுகளில் நீர் இல்லையென்றால் பயிரேது, பயிரில்லையென்றால் நாமேது? ஆகவே பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே, குளத்தைத் தூர்வார இன்றே அனைவரும் முன்வாருங்கள்.”

இதில் இடைவெளி விட்டு எழுதப்பட்ட சொற்கள் சரியாக முப்பது. குளத்தைத் தூர்வார வேண்டும் என்பது முதலிலும் முடிவிலும் வருகிறது; நடுவிலுள்ள ஒவ்வொரு காரணமும் முந்தைய வாக்கியத்தின் முடிவாக ஒருமுறையும் அடுத்த வாக்கியத்தின் தொடக்கமாக ஒருமுறையும் வருகிறது; விளிச்சொற்கள் மூன்றும் கேட்போரின் செவியை இழுப்பதற்காக வந்தவை. பேச்சுக்கு இவையெல்லாம் அணிகள். காதால் கேட்பவர் திரும்பிப் புரட்டிப் பார்க்க முடியாதாகையால், பேசுகிறவர் சொன்னதையே திரும்பச் சொல்லித்தான் தீரவேண்டும். ஆனால் கண்ணால் படிப்பவருக்கு அவை வேண்டா. அவற்றை நீக்கினால், “மழைநீர் தங்கிக் கிணறும் பயிரும் செழிக்கக் குளத்தைத் தூர்வார வேண்டும்” என்று எட்டுச் சொற்களில் விஷயம் முழுவதும் அடங்கிவிடுகிறது. முப்பதில் எட்டு, ஏறத்தாழ 27 விழுக்காடு. மூன்றில் ஒரு பங்காகிய பத்துச் சொற்களை நிரப்பியே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், ‘இன்றே’ என்றோ ‘அனைவரும்’ என்றோ இரண்டு சொற்களைத் தேடிப்பிடித்துச் செருக வேண்டும். அந்த அவசரமும் அழைப்பும் வாசகருக்குத் தேவையென்றால் சேர்ப்பது நியாயம். கணக்கு நிரம்ப வேண்டும் என்பதற்காகச் சேர்ப்பது நியாயமன்று.

இங்கேயே இன்னொரு சங்கதியையும் கவனிக்க வேண்டும். அந்தச் சுருக்கத்தின் இறுதியிலுள்ள ‘தூர்வார வேண்டும்’ என்பதை இடைவெளியின்றி ‘தூர்வாரவேண்டும்’ என்று எழுதினால், ஓர் எழுத்தும் குறையாமலே எட்டுச் சொல் ஏழு சொல்லாகி, விகிதம் 27 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. தமிழிலே சொற்கள் புணர்ந்தும் ஒட்டியும் வருவன. துணைவினையைச் சேர்த்தெழுதுவாரும் பிரித்தெழுதுவாரும் உளர். ஆகையால் சொற்களை எண்ணி விகிதம் பேசுவது, எழுதுகிறவரின் இடைவெளிப் பழக்கத்தை அளப்பதாக முடிகிறதேயன்றிச் சுருக்கத்தை அளப்பதாக முடிவதில்லை. பரீட்சையிலே சொல்லெண்ணிக்கை மிஞ்சிவிட்டதென்று அஞ்சி, பிரிந்து நிற்க வேண்டிய சொற்களையெல்லாம் மாணவர்கள் நெருக்கி ஒட்டிவிடுவதற்கும் இதுதான் காரணம். எழுத்துகளை எண்ணுவோமானால் இந்தத் தொல்லை இல்லை. உயிர்மெய்யை ஓரெழுத்தாகவும் புள்ளி வைத்த மெய்யை ஓரெழுத்தாகவும் கொண்டு எண்ணினால், மேற்படி பிரசங்கப் பகுதியில் 136 எழுத்துகள், சுருக்கத்தில் 34. ‘தூர்வார வேண்டும்’ என்பதைச் சேர்த்தெழுதினாலும் பிரித்தெழுதினாலும் விகிதம் 25 விழுக்காடாகவே நிற்கிறது. தமிழில் விகிதம் கணக்கிடுவோர் எழுத்தை எண்ணுவதே முறை. சொல்லைத்தான் எண்ண வேண்டுமென்றால், மூலத்தையும் சுருக்கத்தையும் ஒரே இடைவெளி வழக்கத்துக்குக் கொண்டுவந்த பின்னரே எண்ண வேண்டும்.

இரண்டாவது பத்தி, வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைக்கு வீட்டிலேயே உப்புச் சர்க்கரைக் கரைசல் தயாரிக்கும் விதத்தைச் சொல்வது:

“ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் போட்டு நன்றாகக் கரைக்கவும். வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைக்கு இதைக் கரண்டியால் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுக்கவும். 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருந்த கரைசலைக் கொட்டிவிடவும்.”

இதிலும் சொற்கள் முப்பதுதான். மூன்றில் ஒரு பங்கு நியதிக்குக் கட்டுப்பட்ட மாணவர் ஒருவர் இதைப் பத்துச் சொற்களில் இப்படிச் சுருக்கலாம்: “நீரில் சர்க்கரையும் உப்பும் கரைத்துக் குழந்தைக்கு அடிக்கடி கொடுத்து, பழைய கரைசலைக் கொட்டிவிடவும்.” வாக்கியம் வழுவில்லாமல் இருக்கிறது, மூலத்தின் மூன்று வாக்கியங்களுக்கும் பிரதிநிதி இருக்கிறது, அளவு ஒரு சொல்லும் கூடாமல் குறையாமல் இருக்கிறது, பரீட்சகர் முழு மதிப்பெண் வழங்கிவிடுவார். ஆனால் இந்தச் சுருக்கத்தை நம்பி ஒரு தாய் கரைசல் தயாரித்தால் என்ன நேரும்? எவ்வளவு நீருக்கு எவ்வளவு உப்பு என்பது அதில் இல்லை. உப்பு மிகுந்தால் குழந்தையின் இரத்தத்தில் உப்புச்சத்து ஏறி உயிருக்கே ஆபத்தாகும்; சர்க்கரை மிகுந்தால் நிற்க வேண்டிய வயிற்றுப்போக்கு அதிகமாகும். ‘தலைதட்டிய’ என்னும் ஒரு சொல் போனாலே, கரண்டியில் குவித்து அள்ளுகிறவர் கையில் அளவு கணிசமாகக் கூடிவிடும். வாசகத்தின் உயிர் எந்தச் சொற்களில் இருந்ததோ அந்தச் சொற்களையே இந்தச் சுருக்கம் முதலில் வெட்டிற்று. வெட்டியது வெளியிலே தெரியவும் இல்லை.

நேர்மையாகச் சுருக்க முயன்றால் இந்தப் பத்தி எவ்வளவு இறங்கும்? “ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை ஆறு, உப்பு அரை கரைத்து, வயிற்றுப்போக்குள்ள குழந்தைக்குக் கரண்டியால் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுக்கவும், 24 மணி நேரத்துக்குமேல் வைக்கக்கூடாது” என்று இருபத்திரண்டு சொற்களில் நிற்கிறது. விகிதம் 73 விழுக்காடு. இதற்குக் கீழே இறங்க வேண்டுமென்றால் ஓர் அளவையோ ஒரு நிபந்தனையையோ பலிகொடுத்தாக வேண்டும். முப்பது சொல்லுள்ள ஒரு பத்தி 27 விழுக்காட்டிலே நிறைவாகவும், முப்பது சொல்லுள்ள இன்னொரு பத்தி 73 விழுக்காட்டிலே அதற்குமேல் இறங்க மாட்டாமலும் நிற்பதைக் கண்ட பிறகும், இரண்டுக்கும் 33 என்று ஒரே கோடு கிழிப்பதற்கு என்ன பிரமாணம் இருக்கிறது?

வித்தியாசத்தின் காரணம் மறைவானது அன்று. ஒரு வாசகத்திலே நீக்கத்தக்கவை என்று பொதுவாக மூன்றைச் சொல்லலாம்: ஒருமுறை சொன்னதையே மீண்டும் சொல்வது, சொன்ன கருத்தை விளக்குவதற்காக அடுக்கும் உதாரணங்கள், வாசகரை அழைத்துச் செல்வதற்காக வரும் முகவுரையும் விளியும் இணைப்பும். நீக்கத்தகாதவை என்று நான்கைச் சொல்லலாம்: எண்ணும் அளவும், நிபந்தனை, விதிவிலக்கு, எதிர்மறை. முதல் மூன்றும் மிகுந்த வாசகம் நன்றாக இறங்கும். பின் நான்கும் மிகுந்த வாசகம் இறங்காது. நெல்லைக் குத்தினால் உமி போய் அரிசி நிற்கும். அரிசியை மறுபடி குத்தினால் நொய்தான் மிஞ்சும். கையில் இருப்பது நெல்லா அரிசியா என்று பாராமல், இத்தனை குத்துக் குத்தியே தீரவேண்டும் என்று விதிப்பதற்குத்தான் நம் பரீட்சைகள் ஒப்பாக இருக்கின்றன.

இந்த அளவுகோலைக் கொண்டு மற்ற வகை வாசகங்களையும் பார்க்கலாம். பத்திரிகைச் செய்தி, யார், எங்கே, எப்போது, என்ன என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டுப் பின்பத்திகளில் விவரத்தைப் படிப்படியாக விரிப்பது. ஆகவே அது பத்தில் ஒரு பங்குக்கு இறங்கினாலும் அநேகமாக நஷ்டமில்லை. கருத்தை நிலைநாட்டும் வியாசம், உதாரணங்களைக் களைந்து காரணங்களை நிறுத்தினால் நான்கில் ஒன்றுக்கோ ஐந்தில் ஒன்றுக்கோ வரும். சட்டத்தின் ஒரு பிரிவோ ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்தோ, ‘ஆயினும்’, ‘ஒழிய’, ‘உட்பட்டு’ என்னும் சொற்களின்மேல் நிற்பதாகையால், முக்கால் பங்குக்குக் கீழே கொண்டுபோனால் வேறு சட்டமாகிவிடும். திருக்குறளோ ஏழு சீரில் நிற்பது. அதன் பொருளை உரைநடையில் சொல்லப் புகுந்த உரையாசிரியர்கள் எல்லாரும் மூலத்தைவிட அதிகமாகவே எழுத வேண்டியிருந்தது. அங்கே விகிதம் ஒன்றுக்கு மேலே போகிறது. முன்னரே சுருங்கி நிற்கும் நூலுக்குச் சுருக்கம் கேட்பது நூலை அறியாமையாகும்.

ஒரே வாசகத்துக்குள்ளேயும் விகிதம் ஒன்றாக இருப்பதில்லை என்பதற்கு நீதிமன்றத் தீர்ப்பு நல்ல சான்று. மூவாயிரம் சொற்களுள்ள ஒரு தீர்ப்பில் வழக்கின் சம்பவங்கள் 1,500 சொற்களும், வாதங்களும் அவற்றை நீதிபதி ஆராய்ந்து கூறிய காரணங்களும் 1,300 சொற்களும், இறுதி உத்தரவு 200 சொற்களும் என்று வைத்துக்கொள்வோம். சம்பவங்களைப் பத்தில் ஒன்றாக்கினால் 150. காரணங்களை நான்கில் ஒன்றாக்கினால் 325. உத்தரவையோ, இன்ன தொகை, இன்ன தேதிக்குள், இன்னார் செலுத்த வேண்டும் என்பதெல்லாம் அதில் இருப்பதால், அப்படியே 200 சொற்களாக வைக்க வேண்டும். கூட்டினால் 675, மொத்த விகிதம் 22.5 விழுக்காடு. இந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்துவிட்டு ‘தீர்ப்புக்கு ஏற்ற விகிதம் 22.5’ என்று ஒருவர் விதி செய்துகொண்டு, அதை எல்லாப் பகுதிக்கும் சமமாகப் பங்கிட்டால், 200 சொல் உத்தரவு 45 சொல்லாகக் குறைந்து, கட்சிக்காரர் எந்தத் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும் என்பதே காணாமற்போய்விடும். சம்பவங்களுக்கோ 150 போதுமான இடத்தில் 337 சொற்கள் கிடைக்கும். மூன்றில் ஒன்று என்றாலும் கதை இதுதான். ஆகவே மொத்த விகிதம் என்பது பல பகுதிகளின் வெவ்வேறு விகிதங்களைக் கூட்டிக் கண்ட சராசரி மாத்திரமே என்பதை மறவாதிருக்க வேண்டும்.

நீளத்தின் விஷயமும் உண்டு. 150 சொல் பத்தியை மூன்றில் ஒன்றாக்கினால் 50 சொல், படிக்கத்தக்கது. 600 பக்க நாவலை மூன்றில் ஒன்றாக்கினால் 200 பக்கம். அதை யாரும் சுருக்கம் என்று கையில் எடுக்கமாட்டார்கள். மூலம் நீள நீள, படிப்பவர் சுருக்கத்துக்கு ஒதுக்கும் நேரமும் அதே அளவில் நீளுவதில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளின் சாரத்துக்கு முறைவகுத்த சர்வதேசத் தரமாகிய ஐஎஸ்ஓ 214 இதனை உணர்ந்தே, பெரும்பாலான கட்டுரைகளுக்கு 250 சொற்களுக்கு உட்பட்ட சாரம் போதும் என்றும், நீண்ட அறிக்கைக்கும் ஆய்வேட்டுக்கும் 500 சொற்களுக்கு உட்பட்டது போதும் என்றும் வரையறுத்தது. 5,000 சொல் கட்டுரைக்கு 250 என்றால் விகிதம் ஐந்து விழுக்காடு. 50,000 சொல் ஆய்வேட்டுக்கு 500 என்றால் ஒரு விழுக்காடு. அங்கே விகிதத்தை ஒருவரும் விதிக்கவில்லை. வாசகரின் தேவையை வைத்து அளவை விதித்தார்கள். விகிதம் தானாகவே அமைந்தது.

இனி, மாற்றுக் கட்சியார் கூறும் சமாதானங்களைப் பார்ப்போம். ‘பல ஆண்டுகளாக மூன்றில் ஒரு பங்கு என்றுதானே கேட்டு வருகிறோம், மாணவர்களும் நன்றாகத்தானே எழுதி வருகிறார்கள்’ என்பது அவர்களுடைய முதல் வாதம். எழுதி வருகிறார்கள் என்பது மெய். ஆனால் பரீட்சைக்கு எப்படிப்பட்ட பத்திகள் வருகின்றன என்று பார்க்க வேண்டும். கல்வியின் நோக்கம், இயற்கையின் அழகு, விஞ்ஞானத்தின் விளைவு என்பன போன்ற பொதுச் சிந்தனைப் பத்திகள்தாம் வருகின்றன. அவை கருத்தை ஒருமுறை சொல்லி, ஒருமுறை விளக்கி, ஒருமுறை முடித்து வைப்பவையாதலால், மூன்றில் ஒன்றுக்கு இயல்பாகவே இறங்கும். நியதிக்குப் பொருந்தும் பத்திகளையே பொறுக்கியெடுத்துவிட்டு, நியதி எங்கும் பொருந்துகிறதென்று சொல்வது பிரமாணம் ஆகாது. அந்த வகைப் பத்திக்கு மூன்றில் ஒன்று தகும் என்பதை நான் மறுக்கவில்லை. எல்லா வகைக்கும் அதை நீட்டுவதையே மறுக்கிறேன்.

‘ஆயிரக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்துவதற்குப் பொது அளவு ஒன்று வேண்டாவா’ என்பது அவர்களுடைய இரண்டாவது வாதம். வேண்டும், ஆனால் ஒரு வினாத்தாளுக்குள் எல்லா மாணவருக்கும் அளவு ஒன்றாக இருப்பதற்கும், எல்லா வினாத்தாளிலும் எல்லாப் பத்திக்கும் விகிதம் ஒன்றாக இருப்பதற்கும் பேதம் உண்டு. வினாத்தாள் தயாரிப்பவர் பத்தியைத் தேர்ந்ததும், அதிலுள்ள தனிச் செய்திகளை ஒவ்வொன்றாக ஒரு தாளில் எழுதி, மறுபடி வருவனவற்றை அடித்துவிட்டு, எண்ணும் நிபந்தனையும் விலக்கும் எதிர்மறையும் உள்ளவற்றுக்குக் கீழே கோடிட்டு, எஞ்சியவற்றைத் தாமே தெளிவான வாக்கியங்களில் எழுதிப் பார்க்கட்டும். அது 40 எழுத்துக்கு வந்தால் 45 என்றும், 200 எழுத்துக்கு வந்தால் 220 என்றும் வரம்பு வைக்கட்டும். திருத்துபவருக்கும் அப்போது வேலை சுலபமாகும். மாணவரின் சொற்களை எண்ணிக்கொண்டிராமல், கோடிட்ட செய்திகள் வந்துள்ளனவா என்று பார்த்தால் போதும்.

மூன்றாவது வாதம், இது மாணவருக்கு ஒரு கட்டுப்பாட்டைப் பழக்குகிறது என்பது. எதைக் காக்க வேண்டும் என்று விசாரிக்கும் பழக்கத்தைத் தராமல், எத்தனை சொல் என்று எண்ணும் பழக்கத்தை மாத்திரம் தருவது கட்டுப்பாடு ஆகாது. சுருக்கம் தகுமா தகாதா என்று சோதிக்கும் வழி வேறு. மூலத்தைப் படிக்காத ஒருவரிடம் சுருக்கத்தைக் கொடுத்து, மூலத்தைப் படித்தவர் எந்தக் காரியத்தைச் செய்வாரோ அதைச் செய்யச் சொல்ல வேண்டும்: கரைசலைக் கரைக்கட்டும், தீர்ப்பின்படி பணத்தைக் கட்டட்டும், பிரசங்கம் எதை வேண்டுகிறது என்று சொல்லட்டும். செய்ய முடிந்தால், விகிதம் 5 ஆனாலும் 75 ஆனாலும் சுருக்கம் சரி. முடியாவிட்டால், 33 என்று துல்லியமாக வந்திருந்தாலும் அது பிழையே.

நன்னூலார் நூலின் குற்றங்களை எண்ணும்போது குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் அடுத்தடுத்து வைத்ததும், அழகுகளை எண்ணும்போது சுருங்கச் சொல்லலை அடுத்து விளங்க வைத்தலைச் சொன்னதும் இங்கே நினைவுகூரத் தக்கவை. இவ்வளவு பங்கு என்று ஓர் எண்ணை அவர் அங்கே வைக்கவில்லை. குன்றியதா மிக்கதா என்பதைப் பொருளை வைத்தே அறிய வேண்டும் என்பது அந்த வைப்புமுறையிலேயே விளங்குகிறது. ஆகவே நம் வினாத்தாள்களிலிருந்து ‘மூன்றில் ஒரு பங்காகச் சுருக்குக’ என்னும் வாசகம் நீங்க வேண்டும். அதன் இடத்தில், இன்ன வாசகருக்கு, இன்ன பிரயோஜனத்துக்கு, இத்தனை எழுத்துக்கு மேற்படாமல் சுருக்குக என்று அந்தந்தப் பத்தியைச் சோதித்துக் கண்ட வரம்பு வர வேண்டும். விகிதத்தைக் கணக்கிடுவதை நான் விலக்கச் சொல்லவில்லை. எழுதி முடித்த பிறகு அதை அவசியம் கணக்கிடுங்கள். மருந்துக் குறிப்பின் சுருக்கத்துக்கு 30 என்று வந்தால் எதையோ விட்டுவிட்டோம் என்று மூலத்துக்குத் திரும்புங்கள். பிரசங்கத்தின் சுருக்கத்துக்கு 70 என்று வந்தால் எதையோ வீணாகச் சுமக்கிறோம் என்று மறுபடி வெட்டுங்கள். அந்த எச்சரிக்கையைத் தருவதே விகிதத்துக்குரிய வேலை.